மலைக்கு ஒத்துவராத மெஷினா? ஒரு கலர் சார்ட்டரின் சீனத் திரையைப் படித்த நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியிலிருந்து அரவேணு பக்கம் இறங்கும் வழியில் இருக்கிறது அந்த டீ ஃபேக்டரி. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி சிடிசி தூள் போடுகிறார்கள். அங்கே, தூளில் கலந்த குச்சியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கி வைத்திருந்தார்கள். சீனாவின் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்யப்பட்ட மெஷின். விற்றவர் ஓட்டிக் காட்டி, எந்தப் பட்டனை அழுத்தினால் ஓடும், எதை அழுத்தினால் நிற்கும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் திரையில் இருந்த எதுவும் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஓடுகிறவரை அது ஒரு குறையாகவும் படவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் மெஷின் நின்றது. திரையின் மேல் ஓரத்தில் சிவப்புப் பட்டை, நடுவில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் சீன எழுத்து. ஃபேக்டரியின் ஃபிட்டர் பையன் போனை எடுத்து, மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்தான். ‘வளிமண்டல அழுத்தம் மிகக் குறைவு’ என்று வந்தது. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் நாற்பது வருட அனுபவசாலி. அவர் உடனே முடிவுக்கு வந்துவிட்டார். எனக்குப் போன் செய்தபோது, “தம்பி, இது சமவெளிக்குச் செஞ்ச மெஷின். நம்ம மலைக்கு ஒத்துவராது. மெஷினே சொல்லுது பாருங்க” என்றார்.

சிரிக்கத் தோன்றினாலும் அவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மெஷின் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் திரையைப் படிக்க முடியாது.

டிரையரிலிருந்து வந்த தூளில் கறுப்புத் துகளோடு பழுப்பு நிறக் குச்சியும் நாரும் கலந்திருக்கும். நாங்கள் ஃபைபர் என்போம். கலர் சார்ட்டரின் மேல் தொட்டியில் தூளைக் கொட்டினால், அதிரும் தட்டு ஒன்று அதைச் சீராகத் தள்ளி, சரிவான பாதையில் வழுக்கிவிடும். விழும் ஒவ்வொரு துகளையும் விளக்கு வெளிச்சத்தில் கேமரா பார்க்கும். நிறம் மாறியிருந்தால், அந்தத் துகள் காற்று ஊதும் வாய்க்கு நேராக வரும் அதே கணத்தில் ஒரு சின்ன வால்வு திறந்து, காற்றை ஊதி அதைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிடும். இப்படி வரிசையாக ஏராளமான வால்வுகள். அழுத்தம் குறைந்தால் ஊதுவது பலவீனமாகும், ஃபைபர் நல்ல தூளோடேயே விழுந்துவிடும். அதனால்தான் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் மெஷின் தானாகவே அதிரும் தட்டை நிறுத்திவிட்டு அலாரம் கொடுக்கிறது.

இவ்வளவு தெரிந்தவருக்கு ‘வளிமண்டல அழுத்தம்’ என்பதைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிடும். காற்றால் ஊதும் மெஷின் கம்ப்ரஸர் காற்றைப் பற்றிக் கவலைப்படுமே தவிர, வானிலை அறிக்கை வாசிக்காது. திரையில் இருந்த சொல் 气压. வானிலைச் செய்தியில் வந்தால் அது வளிமண்டல அழுத்தம், ஒரு மெஷினின் திரையில் வந்தால் லைனில் வரும் காற்றின் அழுத்தம். செயலிக்கு முன்னும் பின்னும் எதுவும் தெரியாது. இரண்டு எழுத்தைப் பார்த்தது, பொதுவாக வழங்கும் பொருளைக் கொடுத்தது. மெனுவிலும் எச்சரிக்கையிலும் வரும் சொற்கள் இப்படி இரண்டு மூன்று எழுத்தோடு முடிந்துவிடுவதால், நீண்ட வாக்கியத்தை நன்றாக மொழிபெயர்க்கும் செயலிகூட இங்கே தடுமாறும்.

படம் முதலில், மொழி அப்புறம்

வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த முதல் படத்தில் பாதித் திரைதான் இருந்தது. சிவப்புப் பட்டையை மட்டும் நெருக்கமாக எடுத்திருந்தான். குறுக்கே கறுப்புக் கோடுகள், வானவில் போல் நெளிநெளியாக நிறங்கள், நடுவில் டியூப் லைட்டின் வெள்ளைப் பட்டை. பெரிய எழுத்துகள் தப்பித்தன. கீழே சிறிய எழுத்தில் இருந்த வரி வெறும் புள்ளிக் கூட்டமாக இருந்தது.

கறுப்புக் கோடுகள் வருவதற்குக் காரணம் திரையின் பின் விளக்கு. பல திரைகளில் வெளிச்சத்தைக் குறைக்க, விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுவார்கள். கண்ணுக்கு அது தெரியாது. போன் கேமராவோ படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் பதிகிறது. திரை பளிச்சென்று இருப்பதால் ஷட்டர் வேகத்தையும் தானே கூட்டிக்கொள்கிறது. விளக்கு அணைந்திருந்த நேரத்தில் பதிந்த வரிகள் கறுப்பாக விழுகின்றன. போனில் ப்ரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/30 அல்லது 1/50 நொடிக்கு இறக்கி, கையை எதன் மேலாவது ஊன்றி எடுத்தால் கோடுகள் பெரும்பாலும் போய்விடும். நெளிநெளி நிறத்துக்குக் காரணம் வேறு: திரையின் புள்ளி வரிசையும் கேமராவின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று உரசுகின்றன. அதற்கு இரண்டடி பின்னால் தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்வதும், போனை லேசாகச் சாய்ப்பதும் போதும். ஃப்ளாஷ் கூடவே கூடாது. மேலே எரியும் டியூப் லைட்டை ஒரு நிமிடம் அணைத்துவிடலாம்.

டீ ஃபேக்டரியில் இன்னொரு தொல்லை உண்டு. திரையெல்லாம் தூள் படிந்திருக்கும். சீன எழுத்தில் ஒரு புள்ளி, ஒரு சிறு கோடு கூடினால் அது வேறு எழுத்து. தூசியை எழுத்தின் ஒரு பகுதியாகச் செயலி எடுத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். சரி, துடைத்துவிட்டு எடுக்கலாமே என்றால், அது டச் ஸ்கிரீன். துணியால் துடைப்பதும் மெஷினுக்கு விரல் அழுத்துவது போலத்தான். எச்சரிக்கைப் பெட்டி திறந்திருக்கும்போது துடைக்கவே கூடாது. மென்மையான பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் தட்டிவிடலாம், அல்லது வாயால் ஊதினாலே போதும்.

அனுப்பும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும், சின்ன எழுத்துகள் கரைந்துவிடும். அதே படத்தை டாகுமென்ட் ஆக இணைத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வந்து சேரும். பையனிடம் மூன்று விஷயம் மட்டும் கேட்டேன்: நாலு மூலையும் தெரிகிற மாதிரி முழுத் திரை, பெட்டியை மட்டும் ஒரு படம், இரண்டையும் டாகுமென்ட் ஆக. “பட்டன் எதையும் அமுக்காதே, அப்படியே விடு” என்றும் சொன்னேன்.

வந்த படத்தில் இருந்தது இதுதான்:

```
气压过低，请检查气源
当前气压  0.14 MPa
[确定]      [取消]
```

முதல் வரி, காற்றழுத்தம் மிகக் குறைவு, காற்று வரும் இடத்தைச் சோதிக்கவும் என்கிறது. இரண்டாவது வரி, இப்போதைய அழுத்தம். கீழே இடப்பக்கம் ‘சரி’, வலப்பக்கம் ‘ரத்து’. முதல் படத்தில் புள்ளிக் கூட்டமாக இருந்தது இந்த இரண்டாவது வரிதான். உண்மையில் மொத்தத் திரையிலும் அதிகம் பயன்பட்டது அந்த எண். எண்ணுக்கு மொழி கிடையாது. சிவப்பு எழுத்துதான் முக்கியம் என்று நினைத்து அதை மட்டும் நெருக்கமாக எடுப்பவர்கள் இந்த எண்ணைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

எழுத்தைப் படிக்க நான் நேரடி கேமரா மொழிபெயர்ப்பை நம்புவதில்லை. கை கொஞ்சம் ஆடினாலும் அது வேறு வேறு பொருள் காட்டும். ஒரே இடத்தைப் பிடித்திருக்கும்போது வாசகம் மாறி மாறி வந்தால், பொருளில் சந்தேகம் கொள்வதற்கு முன் எழுத்தே சரியாக விழவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் நின்ற படத்திலிருந்து எழுத்தை மட்டும் நகலெடுத்து, அதைப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அப்புறம்தான் பொருள் தேடுவேன். எழுத்து தெளிவில்லாமல் இருந்தால் ஜிபோர்டில் சீனக் கையெழுத்துப் பலகையைத் திறந்து, தெரிகிற கோடுகளை விரலால் வரைந்தால் நெருக்கமான சில எழுத்துகளைக் காட்டும். அவற்றில் எது பொருந்துகிறது என்று கண்ணால் முடிவு செய்யலாம். கடைசியாக, கிடைத்த சொல்லோடு மெஷினின் சீனப் பெயரான 色选机 என்பதைச் சேர்த்துத் தேடினால், அதே சொல்லை மற்ற கலர் சார்ட்டர் கையேடுகள் எந்த இடத்தில் பயன்படுத்துகின்றன என்பது தெரிந்துவிடும். வளிமண்டலமா லைன் காற்றா என்ற கேள்வி அங்கே முடிந்தது.

0.14 என்ன சொல்கிறது

நம் ஊர் ஃபிட்டர்கள் அழுத்தத்தைக் கிலோவில் சொல்வார்கள். கம்ப்ரஸரில் ஆறு கிலோ ஏறியிருக்கு என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ. திரை MPa என்ற அலகில் காட்டுகிறது. 0.1 MPa என்பது கிட்டத்தட்ட ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் போதும், இந்த வேலைக்கு அந்தத் துல்லியம் தாராளம். அப்படியானால் மெஷினுக்கு வந்துகொண்டிருந்தது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. டீ மேக்கரோ, “டேங்க்ல ஆறரை கிலோ நிக்குது தம்பி, காத்துக்கு என்ன குறைச்சல்?” என்றார். இரண்டும் உண்மைதான். டேங்க்கில் ஆறரை, மெஷினில் ஒன்றரை. நடுவில் எங்கேயோ காற்று மாட்டுகிறது.

ஆனால் ஒரு படம் ஒரு கணத்தைத்தான் காட்டும். எச்சரிக்கைப் பெட்டி ஒருமுறை வந்தால், காரணம் சரியாகிவிட்டாலும் யாராவது ஒப்புக்கொள்ளும்வரை அப்படியே நிற்கும். அதனால் படத்தில் பார்க்கிற எழுத்தும் எண்ணும் அலாரம் வந்த கணத்துடையதாக இருக்கலாம். பெட்டியில் இடப்பக்கம் உள்ள 确定 என்பதை அழுத்தி மூடச் சொல்லி, பிறகு படத்துக்குப் பதில் வீடியோ கேட்டேன். ஒரே ஓட்டத்தில் திரையின் அழுத்த எண்ணும், மெஷினுக்குப் பின்னால் காற்றழுத்தத்தை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரின் மீட்டர் முள்ளும், தட்டு ஓடாதபோதும் ஓடும்போதும் தெரிய வேண்டும்.

வீடியோவில் விஷயம் தெளிவாக இருந்தது. தட்டு நின்றிருந்தபோது திரை 0.30 காட்டியது, முள்ளும் மூன்று கிலோவில் நின்றது. தட்டை ஓட்டியதும், வால்வுகள் படபடவென ஊத ஆரம்பித்தன, எண்ணும் முள்ளும் சேர்ந்தே இறங்கி ஒன்றரையில் போய் நின்றன. சில நொடியில் அலாரம் வந்தது.

இதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கலாம். திரையும் முள்ளும் ஒத்துப்போவதால் சென்சார் பொய் சொல்லவில்லை. நின்றிருக்கும்போது மூன்று கிலோ சரியாக இருப்பதால் ரெகுலேட்டரை யாரும் திருகிக் குறைத்துவிடவில்லை. கம்ப்ரஸர் போதாமல் இருந்தால் டேங்க்கின் முள்ளும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். அது ஆறு கிலோவுக்குக் கீழே வரவில்லை என்று பையன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னான். பெரிய லீக் என்றால் தட்டு நின்றிருக்கும்போதும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், அதுவும் இல்லை. மிச்சம் ஒன்றுதான்: காற்று நிற்கும்போது அழுத்தம் முழுதாக வருகிறது, ஓடும்போது வரவில்லை. வழியில் அடைப்பு. பாதி மூடிய வால்வு, நசுங்கிய ஹோஸ், அல்லது ஃபில்டர். மழைக்காலத்தில் மலையில் நான் முதலில் ஃபில்டரைத்தான் பார்ப்பேன்.

காரணம் எளிது. மூடுபனியில் நிற்கும் கம்ப்ரஸர் உள்ளே இழுக்கும் காற்றில் ஈரம் ஏராளம். காற்றை இறுக்கி, பிறகு குழாயில் குளிரவிட்டால் அந்த ஈரம் நீராகப் பிரியும். டேங்க்கின் அடியில் உள்ள குழாயைத் தினம் திறந்து வடிக்காவிட்டால், நீர் குழாயோடு பயணம் செய்து ஃபில்டர் கிண்ணத்தில் சேரும். கம்ப்ரஸரின் எண்ணெய்ப் புகையும் இரும்புக் குழாயின் துருவும் சேர்ந்தால் அது நீராகக்கூட இருக்காது, பழுப்புக் களியாக இருக்கும். கிண்ணத்தைச் சுற்றி இரும்புக் கவசம் இருந்ததால் உள்ளே நிரம்பியது வெளியே தெரியவில்லை. டேங்க் வால்வை மூடி, லைன் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, பையன் கிண்ணத்தைக் கழற்றினான். களி வழிந்தது. ஃபில்டர் மூலகம் கழுவியும் தேறவில்லை. கோயம்புத்தூரிலிருந்து புதிது வரவழைத்துப் போட்டபின், தட்டு முழு ஓட்டத்தில் ஓடும்போதும் திரை 0.28-க்குக் கீழே இறங்கவில்லை.

இனி டீ மேக்கரின் மலைக் கணக்கு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கம்ப்ரஸர் ஒவ்வொரு இழுப்பிலும் அந்த அளவுக்கு மெலிந்த காற்றைத்தான் இழுக்கிறது. ஆகவே சமவெளியில் போதுமானதாக இருந்த கம்ப்ரஸர் இங்கே டேங்க்கை நிரப்பக் கூடுதல் நேரம் எடுக்கும். இந்த மெஷினுக்கு ஒரு படி பெரிய கம்ப்ரஸர் இருந்தால் நல்லது என்ற அளவில் அவர் சொன்னது நியாயம். ஆனால் மீட்டர் காட்டுவது சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். மலையில் இருப்பதால் மட்டும் மூன்று கிலோ ஒன்றரை கிலோவாகக் குறையாது. இதை விளக்கியபோது அவர், “அப்ப நான் பாதி பாஸ்” என்றார். பாதிக்கு மேலேயே கொடுக்கலாம்.

அழுத்தாமல் விட்ட பட்டன்

இந்த நிகழ்வில் உண்மையில் ஆபத்தாக இருந்தது எச்சரிக்கை அல்ல, செட்டிங்ஸ் மெனு. எனக்குப் போன் வருவதற்கு முன்பே பையன் மெனுவுக்குள் போய்வந்திருக்கிறான். அவன் எடுத்து வைத்திருந்த படங்களில் ஒன்றில் இந்தப் பெட்டி இருந்தது:

```
是否恢复出厂设置？
[是]      [否]
```

செயலி இதை ‘மீட்டெடுக்க வேண்டுமா’ என்று காட்டியிருக்கிறது. நின்றுபோன மெஷினை மீட்டெடுப்பது நல்லதுதானே என்றுதான் எவரும் நினைப்பார்கள். முழுப் பொருள், ஃபேக்டரியில் வந்தபோது இருந்த அமைப்புக்குத் திரும்ப வேண்டுமா என்பது. ஆம் என்றிருந்தால், ஒவ்வொரு கிரேடுக்கும் தனித்தனியாகச் சேமித்து வைத்திருந்த உணர்திறன் அளவுகள், தட்டின் வேகம், வால்வு ஊதும் நேரம் எல்லாம் போயிருக்கும். மெஷினைப் பொறுத்து கேமராவின் வெள்ளைச் சமன்கூட அழியலாம். அந்த அளவுகள் வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஃபில்டர் அடைப்பு அப்படியே இருந்திருக்கும், கூடவே தூள் பிரிக்கத் தெரியாத மெஷினும் கிடைத்திருக்கும்.

அவன் தப்பித்தது, செயலி தன் மொழிபெயர்ப்பைப் படத்தின் மேலேயே ஒட்டி இரண்டு பட்டன்களையும் மறைத்துவிட்டதால். எது ஆம், எது இல்லை என்று தெரியாமல் திரையைத் தொடாமல் விட்டு, டீ மேக்கரைக் கூப்பிட்டிருக்கிறான். அவர் கரண்டை நிறுத்தி மறுபடி போடச் சொல்லியிருக்கிறார், பெட்டி போய்விட்டது, அழுத்த எச்சரிக்கை மட்டும் திரும்ப வந்தது.

மறைக்கும் மொழிபெயர்ப்பு இல்லாமல் பார்த்தால் இந்த இரண்டு எழுத்தையும் பிரிப்பது கடினமில்லை. 是 என்றால் ஆம், அதற்கு மேலே பெட்டி வடிவம் இருக்கும். 否 என்றால் இல்லை, அதற்குக் கீழே பெட்டி வடிவம் இருக்கும். மங்கலான படத்திலும் பெட்டி மேலேயா கீழேயா என்பது தெரியும். கேள்வி வாக்கியத்தின் தொடக்கத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருவதால் அங்கேயே ஒப்பிட்டும் பார்க்கலாம். பச்சை என்றால் ஆம், சிவப்பு என்றால் வேண்டாம், இடப்பக்கம்தான் சரி என்றெல்லாம் நிறத்தையும் இடத்தையும் வைத்து முடிவு செய்யவே கூடாது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மாதிரி வைக்கிறது, ஒரே மெஷினிலேயே பெட்டிக்குப் பெட்டி மாறுவதும் உண்டு.

உண்மையில் கண்ணை ஏமாற்றுவது வேறு ஒரு ஜோடி: 开, 关. முதலாவது ஆன், இரண்டாவது ஆஃப். இரண்டுக்கும் கீழே இரண்டு கால். தெளிவான படத்தில் 关 எழுத்தின் தலையில் கொம்பு போல் இரண்டு சிறு கோடு தெரியும். நெளிநெளி நிறம் விழுந்த படத்தில் அந்தக் கொம்பு கரைந்துவிடும். இந்த மெஷினின் செட்டிங்ஸ் பக்கத்தில் அழுத்தப் பாதுகாப்பு என்று ஒரு வரி உண்டு, அதற்கு எதிரே இந்த எழுத்துகளில் ஒன்று. முதல் படத்தில் நகலெடுத்தபோது ஆஃப் என்று வந்தது. பாதுகாப்பு ஆஃபில் இருந்தால் மெஷின் நின்றிருக்கவே கூடாதே என்பதால் படத்தை மறுபடி எடுக்கச் சொன்னேன். ஆன்தான். மெஷினின் நடத்தையும் திரையின் எழுத்தும் முரண்பட்டால் நடத்தையைத்தான் நம்ப வேண்டும்.

அதே பக்கத்தில் 报警下限 என்று ஒரு வரி, எதிரே 0.20. அலாரத்தின் கீழ் எல்லை. ஃபில்டர் வர இரண்டு நாள் ஆகும் என்றதும், ஃபேக்டரியில் யாரோ அதை 0.10 ஆக்கிவிட்டால் ஓட்டலாமே என்றார்கள். ஓட்டலாம்தான், அலாரம் வராது. ஒன்றரைக் கிலோவில் வால்வு ஊதும் காற்று ஃபைபரைத் தள்ளாமல் பாதித் தூரத்தில் விட்டுவிடும். மெஷின் ஓடுகிறது, தூளும் வருகிறது, ஏலத்துக்குப் போகும் சாம்பிளில் குச்சி தெரியும்போதுதான் விஷயம் புரியும். டீ மேக்கர் இதை எனக்கு முன்னாலேயே மறுத்துவிட்டார். அந்த இரண்டு நாளும் கலர் சார்ட்டர் இல்லாமல், பழைய ஃபைபர் எடுக்கும் உருளைகளை வைத்தே சமாளித்தார்கள்.

மொழியை மாற்றலாமா

இவ்வளவு தலைவலிக்கு, திரையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால் போகுமே என்று கேட்பது இயல்பு. மொழிப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது பொதுவாகச் சுலபம். உலக உருண்டைப் படம் இருந்தால் அதுதான். இல்லாவிட்டால் 语言 என்ற சொல்லைத் தேட வேண்டும். உள்ளே போனால் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருக்கும், English என்பது படிக்கக் கிடைக்கும்.

இந்த மெஷினிலும் அது இருந்தது. மாற்றுவதற்கு முன், எல்லாப் பக்கங்களையும் சீனத்திலேயே படம் எடுக்க வைத்தேன். எடுக்கும் முறையில் ஒரு சின்ன ஒழுங்கு: ஒரு பட்டனின் பக்கத்தில் விரலை வைத்து, தொடாமல், ஒரு படம், பிறகு அழுத்தி, திறந்த பக்கத்தை ஒரு படம். இப்படிச் செய்தால் எந்தப் பட்டன் எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்ற வழி படங்களின் வரிசையிலேயே பதிந்துவிடும். பக்கங்களை மட்டும் எடுத்து வைத்தால் பிற்பாடு எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லாப் பக்கங்களின் எண்களும் அதில் வந்துவிடுவதால் அதுவே அளவுகளுக்குக் காப்பு நகலும் ஆகிறது. பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்தில் அப்படியே திரும்பிவிட வேண்டும்.

ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்ததில் பாதிதான் மாறியது. முதல் பக்கமும் பெரிய பட்டன்களும் ஆங்கிலம், எச்சரிக்கைப் பெட்டிகள் சீனத்திலேயே வந்தன. மாறிய சொற்களும் உதவவில்லை. கேமராக் கண்ணாடியின் தூசியைத் துடைக்கும் 清灰 என்ற பட்டன், சாம்பலைச் சுத்தம் செய் என்று பொருள்படும் ஆங்கிலத்தில் நின்றது. டீ ஃபேக்டரியில் சாம்பல் என்றால் டிரையர் அடுப்பு ஞாபகம்தான் வரும். நான் சீனத்துக்கே திருப்பச் சொன்னேன். மூலச் சொல் கண் முன்னால் இருந்தால் கையேட்டில் தேடலாம், சீனம் தெரிந்த மெக்கானிக்கிடம் படத்தைக் காட்டலாம். அரைகுறை ஆங்கிலத்தை வைத்து இரண்டும் முடியாது. அந்நிய மொழித் திரை வந்தவுடன் ஆங்கிலத்துக்குத் தாவும் பழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. வீட்டு வாஷிங் மெஷினுக்கு அது சரி. அளவு மாறினால் பணம் போகிற மெஷினில் ஒருமுறை யோசிக்கலாம்.

அதற்குப் பதிலாகப் பையன் ஒரு வேலை செய்தான். அடிக்கடி வரும் ஆறு பக்கங்களின் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் எழுதி, லேமினேட் செய்து மெஷின் பக்கவாட்டில் ஒட்டினான். 给料 என்பதற்கு எதிரே ‘தட்டு’, 灵敏度 என்பதற்கு எதிரே ‘எவ்வளவு கறாரா பார்க்கணும்’, 清灰 என்பதற்கு ‘கண்ணாடி துடை’, 恢复出厂 என்பதற்கு எதிரே சிவப்பில் ‘தொட்டால் எல்லாம் போச்சு’. அகராதிப்படி சில சரியில்லை. இரவு ஷிஃப்டில் தனியாக நிற்பவருக்கு இது போதும். டேங்க்கைத் தினம் காலையில் வடிக்க வேண்டும் என்பதையும் அதே தாளின் அடியில் எழுதினான்.

மார்கழியில் இன்னொரு எச்சரிக்கை வந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. துடைப்பான் ஓடிய இடத்திலிருந்து திரும்பவில்லை என்ற செய்தி. தாளிலிருந்த எழுத்தோடு ஒப்பிட்டு அவர்களே படித்து, திறந்து, துடைப்பான் ஓடும் தடத்தில் ஒட்டியிருந்த தூள் கட்டியை எடுத்துவிட்டார்கள். தாளில் இன்னும் ஒரே ஒரு வரிக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்தின் பெயருக்கு எதிரே அது. பையன் அதில் என்ன எழுத என்று கேட்டான். “கம்பெனிக்காரன் பக்கம்னு எழுது, எண் இருந்தா எண்ணை மட்டும் படம் எடுத்து வை” என்றேன்.